சோதனைக் களம், சோதனை நேர்வு, சோதனைப் படிமுறை

கணினிச் செய்நிரல் ஒன்றை எழுதுதல் ஒரு தொழில்; எழுதிய செய்நிரல் கருதியவாறு இயங்குகின்றதா என ஆராய்ந்து காணுதல் மற்றொரு தொழில். இவ்விரண்டாவது தொழிலிற் புகும் மாணாக்கர் முதலில் எதிர்கொள்ளும் சொற்கள் மூன்று. அவை டெஸ்ட் சினாரியோ, டெஸ்ட் கேஸ், டெஸ்ட் ஸ்கிரிப்ட் என்பன. இவற்றை முறையே சோதனைக் களம், சோதனை நேர்வு, சோதனைப் படிமுறை எனத் தமிழில் வழங்கலாம். மூன்றும் ஒரு பொருளையே குறிக்கின்றன என மயங்குவோர் பலர். அவ்வாறு மயங்குவதால் விளையும் தீங்கு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. களத்தை மட்டும் எழுதிவிட்டு நேர்வை எழுதியதாக ஒருவர் எண்ணுவாராயின், பிழையுள்ள செய்நிரலொன்று சோதனையிற் சித்தியடைந்ததாகவே வெளிவந்துவிடும். இஃது எவ்வாறு நிகழும் என்பதை நம் நாட்டிலுள்ள சிறிய எடுத்துக்காட்டொன்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்கும்.

அடையாள அட்டை எண்

இலங்கையில் 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ்த் தேசிய அடையாள அட்டை வழங்கப்படுகின்றது. முன்னர் வழங்கப்பட்ட அட்டைகளில் ஒன்பது இலக்கங்களும் ஈற்றில் V அல்லது X என்னும் எழுத்தும் இருந்தன. 2016 ஆம் ஆண்டு முதல் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட எண் வழங்கப்படுகின்றது. இப்புதிய எண் பார்வைக்கு வெறும் எண்ணாகத் தோன்றினும், அதனுள் அட்டைக்கு உரியவரின் பிறந்த திகதியும் அவர் ஆணோ பெண்ணோ என்பதும் அடங்கியுள்ளன.

முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டாகும். அடுத்த மூன்று இலக்கங்கள் அவ்வாண்டில் அவர் பிறந்தது எத்தனையாம் நாள் என்பதைக் காட்டும். பெண்ணாயின் அந்நாளெண்ணோடு 500 கூட்டப்படும். அவற்றின் பின் வரும் நான்கு இலக்கங்கள் தொடர் எண். ஈற்றிலக்கம் சரிபார்க்கும் இலக்கம்.

இங்கே நுண்ணிய விதி ஒன்று உண்டு. நாட்களை எண்ணும்போது எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரி மாதத்துக்கு 29 நாட்கள் உள்ளனவாகவே கொள்ளப்படுகின்றது. ஆகவே லீப் ஆண்டு எனப்படும் நெட்டாண்டாயினும் சாதாரண ஆண்டாயினும் மார்ச் முதலாம் நாள் 61 ஆம் நாளாகும். டிசம்பர் 31 எந்த ஆண்டிலும் 366 ஆம் நாளாகும். சாதாரண ஆண்டில் 60 என்னும் நாளெண் எவருக்கும் உரியதாகாது. நாட்காட்டியை எடுத்து நாட்களை எண்ணுபவருக்கோ, 2005 போன்ற சாதாரண ஆண்டில் மார்ச் 1 என்பது 60 ஆம் நாளாகவே வரும். நாட்காட்டியின் கணக்குக்கும் அட்டையின் கணக்குக்கும் இடையிலுள்ள இவ்வொரு நாள் வேறுபாடே இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுக்கு உயிராக நிற்பது.

இனி, கல்முனைக்குடியிற் பாடசாலையொன்றின் அலுவலகத்தில், அடையாள அட்டை பெற்ற மாணவ மாணவியரின் பட்டியலைக் கணினியில் ஆக்குகின்றனர் என வைத்துக்கொள்வோம். எழுதுவினைஞர் அட்டை எண்ணை மட்டும் தட்டச்சுச் செய்வார். பிறந்த திகதியையும் பாலையும் செய்நிரல் தானாகவே நிரப்பும். அதனை எழுதியவர் அட்டையின் நுண்விதியை அறியாது, ஆண்டின் முதல்நாளிலிருந்து நாட்காட்டிப்படி நாட்களை எண்ணுமாறு எழுதிவிட்டார் எனவும் கொள்வோம். அச்செய்நிரலின் இன்றியமையாத பகுதி வருமாறு:

```python
from datetime import date, timedelta

def read_nic(n):
    y, d = int(n[:4]), int(n[4:7])
    sex = "M"
    if d > 500:
        sex, d = "F", d - 500
    return date(y, 1, 1) + timedelta(days=d - 1), sex
```

எண்ணின் முதல் நான்கு இலக்கங்களை ஆண்டாகவும் அடுத்த மூன்றை நாளாகவும் இச்செய்நிரல் எடுக்கின்றது. நாளெண் 500 இலும் பெரிதாயின் பெண் எனக் கொண்டு 500 ஐக் கழிக்கின்றது. பின்னர் ஜனவரி முதலாந் திகதியோடு உரிய நாட்களைக் கூட்டித் திகதியைத் தருகின்றது. படிப்பவருக்கு இதில் யாதொரு குறையும் தோன்றாது. ஆயினும் சாதாரண ஆண்டொன்றில் பெப்ரவரிக்குப் பின் பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த திகதியையும் இஃது ஒருநாள் பிந்தியதாகக் காட்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு திகதியும் பாடசாலைப் பதிவில் வேறொரு திகதியும் இருப்பின், பின்னாளிற் சான்றிதழ் பெறும் வேளையில் அலைய நேர்வது அப்பிள்ளையும் பெற்றோருமேயாவர்.

சோதனைக் களம்

சோதனைக் களம் என்பது எதனைச் சோதிக்க வேண்டும் என்பதை ஒரு வாக்கியத்திற் கூறுவது. பயன்படுத்துவோர் செய்நிரலைக் கொண்டு நிறைவேற்ற எண்ணும் காரியம் ஒன்றை அது சுட்டும். எவ்வெண்ணை இடுவது, எவ்விடை வரவேண்டும் என்னும் விவரங்கள் அதில் இடம்பெறா. நம் எடுத்துக்காட்டிற் பின்வருவனவற்றைக் களங்களாக எழுதலாம்:

களம் 1: பன்னிரண்டு இலக்க அட்டை எண்ணை இட்டாற் சரியான பிறந்த திகதியும் பாலும் கிடைக்கின்றனவா?

களம் 2: பிறந்த நாளொன்றையும் குறிக்காத எண்ணை இட்டாற் செய்நிரல் அதனை மறுக்கின்றதா?

களம் 3: பழைய அட்டையின் ஒன்பது இலக்க எண்ணையும் செய்நிரல் ஏற்றுக்கொள்கின்றதா?

களத்தின் பயன் யாதெனில், சோதிக்கப்படவேண்டிய பரப்பு முழுவதையும் ஒரே பார்வையிற் காட்டுவதாகும். அதிபரும் எழுதுவினைஞரும் செய்நிரலாளரும் ஒருங்கிருந்து பார்த்து, விடுபட்டது ஏதும் உண்டோ எனக் கூறுவதற்குரிய மொழி இதுவேயாம். கணினி அறியாத எழுதுவினைஞரும், பழைய அட்டை வைத்திருக்கும் ஆசிரியர்களின் எண்களையும் இதில் இடவேண்டுமே என்று கூறக்கூடும். அவ்வாறு பிறப்பதே மூன்றாவது களம்.

எனினும் களம் தன்னளவிற் சோதனையாகிவிடாது. முதலாம் களத்தைக் கையிற் கொண்ட ஒருவர் ஏதோவோர் எண்ணை இட்டுப் பார்க்கின்றார். திரையில் ஒரு திகதி தோன்றுகின்றது. திகதி வந்தது, பாலும் வந்தது, ஆதலாற் சரி எனக் குறித்துக்கொள்கின்றார். அத்திகதி எதுவாக இருந்திருக்க வேண்டும் என்பதைக் களம் கூறவில்லை. ஆகவே அவர் குறித்தது திகதி தோன்றியது என்னும் செய்தியையே அன்றி, அது சரி என்னும் செய்தியை அன்று.

சோதனை நேர்வு

அக்குறையை நிறைவு செய்வது சோதனை நேர்வு. திட்டமான உள்ளீடொன்றும், அதற்கு எதிர்பார்க்கும் பெறுபேறும், தொடங்கும்முன் இருக்கவேண்டிய நிலையும் சேர்ந்ததே நேர்வாகும். இம்மூன்றனுள் எதிர்பார்க்கும் பெறுபேறே தலையாயது. அது செய்நிரலை இயக்குமுன்னரே எழுதப்படவேண்டும். செய்நிரலுக்குப் புறம்பான ஆதாரத்திலிருந்து பெறப்படவும் வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அவ்வாதாரம் அட்டையின் விதியாகும். அவ்விதியிலேயே ஐயம் எழுமாயின், அட்டையில் அச்சிடப்பட்டுள்ள பிறந்த திகதியை அதன் எண்ணோடு ஒப்பிட்டுத் தெளியலாம்.

செய்நிரலை இயக்கி வந்த விடையை எடுத்து, அதனையே எதிர்பார்க்கும் பெறுபேறு என்னும் நிரலில் எழுதிக்கொள்வது தொடக்கநிலை மாணாக்கரிடம் மிகுதியாகக் காணப்படும் தவறு. மாணவன் எழுதிய விடையைப் பார்த்து ஆசிரியர் விடைத்தாள் தயாரிப்பதை அஃது ஒக்கும். அத்தகைய நேர்வு ஒருபோதும் தோல்வியடையாது, பிழையொன்றையும் காட்டிக்கொடுக்காது.

எவ்வெண்களைத் தெரிந்தெடுப்பது என்பது அடுத்த வினா. இயலக்கூடிய எண்கள் யாவற்றையும் இட்டுப்பார்த்தல் பயனற்ற உழைப்பாகும். ஒரே வகையாக நடத்தப்படும் எண்களை ஒரு கூட்டமாக்கி, ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒன்றையும், கூட்டங்கள் மாறும் எல்லைகளில் உள்ளவற்றையும் எடுப்பதே முறை. நம் செய்நிரலுக்குரிய கூட்டங்கள் எவை? ஆண், பெண் என்பன இரண்டு. நெட்டாண்டு, சாதாரண ஆண்டு என்பன இரண்டு. பெப்ரவரி இறுதிக்கு முன், அதற்குப் பின் என்பன இரண்டு. நாளெண்ணுக்குரிய எல்லைகள் 1 உம் 366 உம். அவற்றுக்கு வெளியே உள்ளவை மறுக்கப்படவேண்டியவை. இவற்றைக் கருத்திற் கொண்டு ஆறு நேர்வுகளை எழுதுவாம். எண்களின் ஈற்றிலுள்ள ஐந்து இலக்கங்களும் வேண்டுமென்றே சுழியமாக்கப்பட்டுள்ளன. உண்மையான பிள்ளையொருவரின் அட்டை எண்ணைச் சோதனைக்குப் பயன்படுத்துவது முறையன்று. அவ்வெண்ணே அவருடைய பிறந்த திகதியை வெளிப்படுத்திவிடும்.

நேர்வு N1: உள்ளீடு 200400100000. எதிர்பார்ப்பது 2004 ஜனவரி 1, ஆண்.

நேர்வு N2: உள்ளீடு 200506100000. எதிர்பார்ப்பது 2005 மார்ச் 1, ஆண்.

நேர்வு N3: உள்ளீடு 200556100000. எதிர்பார்ப்பது 2005 மார்ச் 1, பெண்.

நேர்வு N4: உள்ளீடு 200536600000. எதிர்பார்ப்பது 2005 டிசம்பர் 31, ஆண்.

நேர்வு N5: உள்ளீடு 200506000000. எதிர்பார்ப்பது மறுப்பு, 2005 இல் பெப்ரவரி 29 இல்லை.

நேர்வு N6: உள்ளீடு 200536700000. எதிர்பார்ப்பது மறுப்பு, 367 ஆம் நாள் என ஒன்று இல்லை.

முதல் நான்கும் முதலாம் களத்திலிருந்து பிறந்தவை. பின்னிரண்டும் இரண்டாம் களத்திலிருந்து பிறந்தவை. ஒரு களம் பல நேர்வுகளை ஈனும் என்பது இதனாற் புலனாகும். மூன்றாம் களத்துக்குரிய நேர்வுகள் இன்னும் எழுதப்படவில்லை என்பதும் இப்பட்டியலிலிருந்தே தெரிகின்றது. தொடங்கும்முன் இருக்கவேண்டிய நிலை ஆறுக்கும் ஒன்றே. செய்நிரல் நிறுவப்பட்டிருத்தலும் உள்ளீட்டுக் கட்டம் வெறுமையாயிருத்தலும் போதும்.

மூன்றாவது நேர்வின் கணக்கைக் கையாற் செய்துபார்த்தல் நன்று. 561 என்பது 500 இலும் பெரிது; ஆகவே பெண். 561 இலிருந்து 500 ஐக் கழிக்க 61 எஞ்சும். ஜனவரிக்கு 31 நாட்களும் பெப்ரவரிக்கு 29 நாட்களும் கூட்ட 60 ஆகும். எஞ்சிய ஒன்று மார்ச் மாதத்தின் முதல் நாள். இவ்வாறு கையாற் கணித்த விடையே எதிர்பார்க்கும் பெறுபேறாக எழுதப்பட்டுள்ளது. செய்நிரலிடம் கேட்டுப் பெறப்பட்டதன்று.

சோதனைப் படிமுறை

நேர்வை நடத்தும் ஒழுங்கைப் படிப்படியாகக் கூறுவது சோதனைப் படிமுறை. அது மனிதர் பின்பற்றுவதாகவும் இருக்கலாம். கணினி தானே இயக்குவதாகவும் இருக்கலாம். மனிதருக்கென எழுதப்படுமாயின் இரண்டாம் நேர்வின் படிமுறை பின்வருமாறு அமையும்:

1. மாணவர் பட்டியற் பக்கத்தைத் திறக்க.
2. அடையாள அட்டை எண் என்னும் கட்டத்தில் 200506100000 எனத் தட்டச்சுச் செய்க.
3. நிரப்புக என்னும் பொத்தானை அழுத்துக.
4. பிறந்த திகதிக் கட்டத்தில் 2005 மார்ச் 1 தோன்றுகின்றதா எனப் பார்க்க.
5. பாற் கட்டத்தில் ஆண் என்பது தோன்றுகின்றதா எனப் பார்க்க.
6. கண்டதைக் கண்டவாறே பதிவேட்டில் எழுதுக.

ஆறாம் படி இன்றியமையாதது. தோல்வி என்று மட்டும் எழுதாது, தோன்றிய திகதி யாது என்பதையும் எழுதினாலன்றிப் பிழையின் காரணத்தைத் துருவிக் காண இயலாது. இன்று முதன்முதலாக இச்செய்நிரலைக் காணும் ஒருவரும் பிறர் துணையின்றி நடத்தக்கூடியதாகப் படிமுறை அமைதல் வேண்டும். சரியான எண்ணை இட்டுப் பார்க்க என்றாற்போல எழுதப்படும் படி, படியாகாது. சரியான எண் எது என்பதை அது நடத்துபவரின் மனப்போக்குக்கு விட்டுவிடுகின்றது.

இதே சோதனையைக் கணினியே இயக்குமாறு எழுதின் ஆறு நேர்வுகளும் ஒரு படிமுறையில் அடங்கிவிடும்:

```python
from datetime import date
from nic import read_nic

CASES = [
    ("N1", "200400100000", date(2004, 1, 1), "M"),
    ("N2", "200506100000", date(2005, 3, 1), "M"),
    ("N3", "200556100000", date(2005, 3, 1), "F"),
    ("N4", "200536600000", date(2005, 12, 31), "M"),
    ("N5", "200506000000", None, None),
    ("N6", "200536700000", None, None),
]
for name, nic, day, sex in CASES:
    try:
        got = read_nic(nic)
    except ValueError:
        got = (None, None)
    print(name, "PASS" if got == (day, sex) else "FAIL", *got)
```

செய்நிரல் nic.py என்னும் கோப்பிலே உள்ளதாகக் கொள்ளப்பட்டது. CASES என்னும் பட்டியலில் உள்ளவை நேர்வுகள். அதன் கீழே for எனத் தொடங்கும் பகுதி அவற்றை ஒவ்வொன்றாக நடத்தும் ஒழுங்கு. நேர்வு வேறு, படிமுறை வேறு என்பதை இவ்வமைப்பு கண்ணாரக் காட்டுகின்றது. நாளை ஏழாவது நேர்வொன்று வேண்டப்படின் பட்டியலில் ஒரு வரி சேர்த்தாற் போதும். நடத்தும் ஒழுங்கு மாறாது. None என்பது மறுப்பைக் குறிக்கின்றது.

இயக்கிக் கண்டவை

இப்படிமுறையை முற்கூறிய செய்நிரலின்மீது இயக்கின் N1 மட்டும் PASS எனவும் ஏனைய ஐந்தும் FAIL எனவும் வரும். இரண்டாம் நேர்வில் மார்ச் 1 க்குப் பதிலாக மார்ச் 2 தோன்றும், மூன்றாவதிலும் அவ்வாறே. நான்காம் நேர்வில் 2005 டிசம்பர் 31 க்குப் பதிலாக 2006 ஜனவரி 1 தோன்றும். பிறந்த ஆண்டே மாறிவிடுகின்றது. ஐந்தாம் நேர்வில் மறுப்புக்குப் பதிலாக 2005 மார்ச் 1 வரும். ஆறாவதில் 2006 ஜனவரி 2 வரும்.

முதல் நேர்வு மட்டும் சித்தியடைந்தது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது. அது ஜனவரி மாதத்துக்குரியது. பெப்ரவரியின் இறுதியைத் தாண்டாத நாட்களில் இரு கணக்குகளும் ஒன்றே. 2004 நெட்டாண்டாதலின் அவ்வாண்டின் எந்த நாளை எடுத்திருப்பினும் சரியான விடையே வந்திருக்கும். ஆகவே களத்தை மட்டும் வைத்துக்கொண்டு, 2004 இற் பிறந்த ஒருவரின் எண்ணையோ ஜனவரியிற் பிறந்த ஒருவரின் எண்ணையோ இட்டுப் பார்த்தவர், செய்நிரல் பிழையற்றது என்னும் முடிவுக்கே வந்திருப்பார். பிழை அங்கேயே இருந்தது. அதனைச் சென்று தொடும் நேர்வுதான் இருக்கவில்லை.

தோல்வி தோன்றியவுடன் செய்நிரலே பிழையுடையது எனத் துணிந்துவிடலும் ஆகாது. எதிர்பார்க்கும் பெறுபேறு தவறாக எழுதப்பட்டிருக்கலாம். படிமுறையில் எண்ணொன்று மாறித் தட்டச்சாகியிருக்கலாம். இவற்றை வேறுபடுத்தி அறிவதற்கு முதலில் நேர்வை விதியோடு ஒப்பிட்டுக் கையாற் கணித்தல் வேண்டும். அடுத்து, படிமுறை அந்நேர்வை அவ்வாறே இடுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். இரண்டும் சரியாயின் எஞ்சியது செய்நிரலின் பிழையே. ஈண்டு இரண்டாம், மூன்றாம், நான்காம் நேர்வுகள் மூன்றும் சரியாக ஒருநாள் பிந்தியிருப்பதே காரணத்தைச் சுட்டும் குறியாகின்றது. தட்டச்சுப் பிழையாயின் வேறுபாடு இவ்வளவு ஒழுங்காக அமையாது.

காரணம் தெளிந்தபின் திருத்தம் எளிது. நாளெண்ணை எப்பொழுதும் நெட்டாண்டொன்றில் எண்ணி மாதத்தையும் திகதியையும் பெற்றபின், அவற்றைப் பிறந்த ஆண்டோடு சேர்க்கவேண்டும். 2000 நெட்டாண்டாதலின் அதனைப் பயன்படுத்தலாம். செய்நிரலின் இறுதி வரியை நீக்கி, அதனிடத்தில் இவ்விரு வரிகளை இடுக:

```python
    t = date(2000, 1, 1) + timedelta(days=d - 1)
    return date(y, t.month, t.day), sex
```

மீண்டும் அதே படிமுறையை இயக்கின் N1 முதல் N5 வரை யாவும் PASS ஆகும். 2005 பெப்ரவரி 29 என ஒரு திகதியை அமைக்கக் கணினியே மறுப்பதால் ஐந்தாம் நேர்வும் நிறைவேறுகின்றது. ஆனால் N6 இன்னும் FAIL எனவே நிற்கும். 367 ஆம் நாள் 2000 ஆம் ஆண்டைத் தாண்டி அடுத்த ஜனவரி முதல் நாளிற் போய் விழுகின்றது. செய்நிரலோ அதனை 2005 ஜனவரி 1 என ஐயமின்றித் தருகின்றது. ஒரு பிழையைத் திருத்தியவர் மற்றொன்று எஞ்சியிருப்பதைக் கண்டது, முழுப் படிமுறையையும் மீண்டும் இயக்கியதனாலேயேயாம். தோற்ற நேர்வுகளை மட்டுமன்றி முன்னர் வென்றவற்றையும் சேர்த்து இயக்குவது நலம். திருத்தம் பழைய சரியைக் கெடுத்திருக்கவுங் கூடும். படிமுறையை எழுதிவைப்பதன் பயன் இவ்விடத்தே தோன்றுகின்றது.

நாளெண் 1 க்கும் 366 க்கும் இடையில் இல்லையாயின் மறுக்குமாறு, மேற்கூறிய இரு வரிகளுக்கும் முன் பின்வருவனவற்றைச் சேர்த்தால் ஆறும் PASS ஆகும்:

```python
    if not 1 <= d <= 366:
        raise ValueError(n)
```

சொல் வழக்கில் வேறுபாடு

இம்மூன்று சொற்களும் எங்கும் ஒரே பொருளில் வழங்குவன எனக் கொள்ளலாகாது. ஐ.இ.இ.இ. என்னும் பொறியியலாளர் நிறுவனம் 1983 ஆம் ஆண்டில் வெளியிட்ட 829 ஆம் இலக்க நியமம், சோதனை நேர்வுக்கும் சோதனை நடைமுறைக்கும் தனித்தனி ஆவணங்களை வகுத்தது. களம் என்னும் பெயரில் ஆவணம் எதனையும் அது வகுக்கவில்லை. 2002 இல் தோன்றிய சர்வதேச மென்பொருட் சோதனைத் தகைமைச் சபையின் சொற்றொகுதியோ, தன் முந்திய பதிப்புகளில் டெஸ்ட் சினாரியோ என்பதை நடைமுறை விவரத்துக்கு மறுபெயராகவே குறித்தது. மென்பொருள் நிறுவனங்களின் அன்றாட வழக்கில் அது ஒருவரிக் குறிப்பையே சுட்டுகின்றது. இன்னும் சிலர் கணினி இயக்கும் படிமுறையை மட்டுமே ஸ்கிரிப்ட் என்பர். மனிதர் நடத்துவதை நேர்வினுள்ளேயே அடக்கிவிடுவர். ஆகவே புதிய குழுவொன்றிற் சேர்பவர் சொல்லைக் கேட்டு அமையாது, அவர்கள் எழுதிவைத்துள்ள தாளைக் கேட்டுப் பார்ப்பதே அறிவுடைமை. அத்தாளில் எதிர்பார்க்கும் பெறுபேறு உண்டா, இல்லையா? உண்டாயின் அதற்கு அவர்கள் இட்ட பெயர் எதுவாயினும் அது நேர்வு. இல்லையாயின், அது பல பக்கங்களுக்கு நீண்டிருப்பினும் நேர்வாகாது.

எல்லை

ஆறு நேர்வுகளும் வென்றமையால் இச்செய்நிரல் பிழையற்றது எனலாமோ? ஆகாது. சோதனையாற் பிழை உண்டென்று காட்டலாமேயன்றி இல்லையென்று நிறுவ முடியாது என்னும் கருத்தை, டச்சுக் கணினியறிஞர் டைக்ஸ்ரா 1969 ஆம் ஆண்டு உரோமாபுரியில் நடைபெற்ற மாநாட்டிலே கூறினார். நம் செய்நிரலே அதற்குச் சான்றாகும். பழைய ஒன்பது இலக்க எண்ணை அதிலிட்டால், முதல் இரண்டு இலக்கங்களை மட்டுமே ஆண்டாகக் கொள்ளவேண்டியவிடத்து நான்கையும் ஆண்டாகக் கொண்டுவிடும். 780610000V என்னும் எண்ணை இட்டுப் பார்ப்பவர் 1978 மார்ச் 1 ஐ எதிர்பார்ப்பார். செய்நிரலோ 7806 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்துத் திகதியொன்றைத் தயக்கமின்றித் தரும். ஈற்றிலக்கம் பொருந்துகின்றதா என்பதையும் அது பார்ப்பதில்லை. ஆதலின் எழுதுவினைஞர் ஓரிலக்கத்தை மாற்றித் தட்டச்சுச் செய்தால், வேறொரு திகதியை அமைதியாக நிரப்பிவிடும். பதினொரு இலக்கம் இடப்படினும் அது கேள்வி கேட்பதில்லை.

இக்குறைகளுள் முதலாவது ஏலவே மூன்றாம் களமாக எழுதப்பட்டிருந்தது. அதற்கு நேர்வு எழுதப்படாமையே குறை. பின்னிரண்டுக்கும் களமே எழுதப்படவில்லை. இவ்விருவகைக் குறைகளும் வெவ்வேறானவை. களத்துக்கு நேர்வில்லாமையைப் பட்டியலைப் பார்த்தே எவரும் கண்டுகொள்ளலாம். களமே இல்லாமையைப் பட்டியல் காட்டாது. அட்டை எண்களை நாளும் கையாளும் எழுதுவினைஞரிடம் சென்று, எவ்வகைத் தவறுகள் நேர்வதுண்டு எனக் கேட்டே அறிதல் வேண்டும்.

தொகுத்து நோக்கின், களம் எதனைச் சோதிப்பது என்பதையும், நேர்வு எவ்வுள்ளீட்டுக்கு எவ்விடை வரவேண்டும் என்பதையும், படிமுறை அதனை எவ்வொழுங்கில் நடத்துவது என்பதையும் கூறுகின்றன. களமின்றி எழுதப்படும் நேர்வுகள் எப்பகுதி விடுபட்டது என்பதை மறைக்கும். நேர்வின்றி எழுதப்படும் படிமுறை, பொத்தானை அழுத்தும் பயிற்சியாக முடியும். படிமுறையின்றி நிற்கும் நேர்வு ஒருமுறை நடத்தப்பட்டு மறக்கப்படும். மார்ச் முதலாம் நாள் பிறந்த பிள்ளையின் பெயருக்கெதிரே மார்ச் இரண்டாம் நாள் எழுதப்படாதிருத்தற்கு இம்மூன்றும் தத்தம் இடத்தில் நின்று உதவவேண்டும்.